விளம்பரம் ஓடுது... எழுத்து தெரியலையே!

மூட்டுவலித் தைலத்துக்கான விளம்பரத்தை யார் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலருக்குக் கண்ணில் புரை படர ஆரம்பித்திருக்கும். காதும் கொஞ்சம் மந்தமாகியிருக்கும். ஆனால், அந்த விளம்பரத்தைத் தயாரிக்கிறவர்களோ நல்ல கண்ணும் கூர்மையான காதும் உள்ள இளவட்டங்கள்! மங்கலான ஏ.ஸி. அறையில், பளிச்சென்ற பெரிய திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வண்ணம் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டு ஹாலில், ஜன்னல் வெளிச்சம் திரைமேல் அடிக்க, பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அது எப்படித் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

'விளம்பரம்தானே... புரியாவிட்டால் போகட்டுமே!' என்று நீங்கள் சொல்லலாம். சோப்பு, சீப்பு விளம்பரமென்றால் போகட்டும். மருந்து விளம்பரத்தில், கடைசி இரண்டு விநாடி கீழே ஓடுகிறதே ஒரு பொடி எழுத்து, அதுதான் வைத்தியம் சம்பந்தப்பட்ட விஷயம். மேலே ஆடுவதும் பாடுவதும் வியாபாரம்.

மூட்டுவலித் தைலங்கள் பலவற்றில் கற்பூரம் சேரும். மேலே தேய்த்தால் இதம். அதையே ஒரு சின்னக் குழந்தை ஒரு ஸ்பூன் குடித்துவிட்டால் வலிப்பு வரும். சில தைலங்களில் விண்டர்கிரீன் எண்ணெய் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நிறையத் தேய்த்துக்கொண்டால், மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரை போகலாம். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கும்? அந்தப் பொடி எழுத்தில்தான்.

போன மழைக்காலத்தில் என்னிடம் வந்த ஓர் அம்மாளுக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு, ரத்தம் கசிகிற அளவுக்கு. 'டி.வி.யில் காட்டினாங்களேன்னு தைலம் வாங்கி நல்லா ஊற்றித் தேய்ச்சேன் டாக்டர். நெருப்பு வைச்ச மாதிரி ஆயிடுச்சு' என்றார். அவர் பார்த்த விளம்பரத்தை என் மகன் செல்போனில் எடுத்துக் காட்டினான். 'வெடிப்பு, புண் உள்ள இடத்தில் தடவக்கூடாது' என்று அதில் இருக்கவே செய்தது. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து! அந்த அம்மாளிடம் போனைக் கொடுத்து, 'படிங்கம்மா' என்றேன். 'பச்சையா ஏதோ தெரியுதுங்க' என்றார்.

சித்த மருத்துவத்தில் நோயாளியைப் பார்க்க எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் மொழியும் விழியும் பார்க்கும்போதே, இவருக்கு நாம் பேசுவது கேட்கிறதா, எழுதிக் கொடுத்தால் படிப்பாரா என்பது பாதி தெரிந்துவிடும். வைத்தியர் நேரில் செய்கிற இந்தச் சோதனையை விளம்பரம் செய்ய முடியாது. அதனால், எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி அதை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும்.

'போர்டை நல்லாப் படிக்கிறேனே, இது மட்டும் ஏன் தெரியலை?'

கண் ஆஸ்பத்திரி போர்டில் இருப்பது தூய வெள்ளையில் அடர் கறுப்பு எழுத்து. அதைப் படிக்கிறவர்கூட, வெளிர்சாம்பலில் வெள்ளை எழுத்தைக் கண்டால் திணறுவார். எழுத்தின் அளவு ஒரு விஷயம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் வேறு விஷயம். வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளிக்கிறது, கண்மணி சுருங்குகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் அறுபது வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. புரை இருந்தால் அந்த வெளிச்சமும் சிதறி, படத்தின்மேல் ஒரு வெண்புகையைப் பூசிவிடும். கறுப்பும் வெள்ளையும் அப்போதும் பிரிந்து தெரியும். பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இந்த வித்தியாசத்தைக் கணக்காகவே போடலாம். இணையதளங்களுக்கு விதிமுறை வகுக்கும் டபிள்யூ3சி என்ற சர்வதேச அமைப்பு 2008-ல் கொடுத்த அளவுகோல் இது. பயந்துவிடாதீர்கள், கூட்டலும் வகுத்தலும்தான். திரையில் வெள்ளை நிறம் தருகிற வெளிச்சத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான சிவப்பு 21 தரும். மூலிகைக் கம்பெனிகள் விரும்புகிற நடுத்தரப் பச்சை 15 தரும். திரைமேல் விழும் அறை வெளிச்சத்துக்காக இரண்டோடும் 5 சேர்க்க வேண்டும். ஆக 26, 20. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.3 வருகிறது. அதாவது, எழுத்தும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்!

சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது அந்த அளவுகோல். பெரிய எழுத்து என்றால் 3 போதும். இந்த 4.5 ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. நல்ல பார்வைக்கு 3 போதும் என்று வைத்து, பார்வை 6/12 அளவுக்கு இறங்கியவருக்கு ஒன்றரை மடங்கு கூட்டினார்கள். எண்பது வயதை ஒட்டியவர்களிடம் சாதாரணமாகக் காணும் பார்வை இது. 6/24 அளவுக்கு இறங்கியவர்களுக்காக 7 என்று இன்னொரு படியும் இருக்கிறது. டி.வி. விளம்பரத்துக்காகப் போட்ட விதி இல்லை இது. ஆனாலும் கண்ணளவை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் எந்தத் திரைக்கும் உதவும்.

அதே பச்சைமேல் வெள்ளை எழுத்துப் போட்டால் விகிதம் 5-ஐத் தாண்டுகிறது. பச்சையை இன்னும் கொஞ்சம் கருக்கி, வாழையிலையின் கரும்பச்சைக்குக் கொண்டுபோனால் 7-ஐத் தாண்டும். கம்பெனியின் நிறமும் கெடவில்லை, பைசா செலவும் இல்லை. இன்னொரு கொடுமை, வெள்ளைமேல் மஞ்சள் எழுத்து. 'தங்கம் மாதிரி ஜொலிக்கும் ஸார்' என்பார்கள். விகிதம் 1.07! படத்தின்மேல் நேரடியாக எழுத்தைப் பதிப்பதும் ஆபத்துதான். ஆள் கறுப்புச் சட்டையோடு நகர்ந்தால் வெள்ளை எழுத்து தெரியும்; வெள்ளை வேட்டி வந்தால் காணாமல் போகும். எழுத்துக்குக் கீழே அடர்நிறப் பட்டை ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தைலக்காரர் வந்தார்

எங்கள் ஊரில் சிறிய அளவில் தைலம் காய்ச்சி விற்கும் ஒருவர், உள்ளூர் கேபிளுக்காக 30 விநாடி விளம்பரம் எடுத்திருந்தார். 'ஒரு பார்வை பாருங்க டாக்டர்' என்று கொண்டுவந்தார். காத்திருப்பு பெஞ்சில் இருந்த ஐந்தாறு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

விளம்பரம் இதுதான். முதல் ஆறு விநாடி, மாடிப்படியில் ஒரு பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வீணை இசை மட்டும். அடுத்து மருமகள் தைலம் தேய்க்கிறார், பின்னால் பாட்டு. பதினெட்டாவது விநாடியில் பாட்டி பேரனோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறார். கடைசி நான்கு விநாடி பாட்டில், போன் நம்பர், கீழே எச்சரிக்கை. எச்சரிக்கை வருவதும் போவதும் இரண்டே விநாடி.

முதலில் சத்தத்தை அடியோடு குறைத்து ஓடவிட்டோம். பாட்டில் வருகிற தைலத்தின் பெயரும், 'தினம் இரண்டு வேளை' என்ற அளவும் போயே போச்சு. அடுத்து, சத்தத்தை வைத்து எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னேன். வீணை, பாட்டு, ஒரு குழந்தையின் சிரிப்பு. 'நகைக்கடை விளம்பரமா?' என்றார் ஒரு பெரியவர்! போன் நம்பரை யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. மூன்றாவதாக, செல்போனில் வண்ணத்தை எடுத்துவிட்டு கறுப்பு-வெள்ளையாக்கிப் பார்த்தோம். எச்சரிக்கை வரி சாம்பலில் சாம்பலாகக் கரைந்தது. கடைசியாக, பெட்டிக்கடையில் கிடைக்கிற பட்டர் பேப்பரைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்த்தார் தைலக்காரர். 'பாட்டில்கூடத் தெரியலையே டாக்டர்!' என்றார். பாவம், அது அவருடைய சொந்தப் பாட்டில்.

இந்த நான்கு சோதனைக்கும் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டிலேயே செய்யலாம். சிவப்பு-பச்சை வேறுபாடு பிறவியிலேயே தெரியாதவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அந்தக் கறுப்பு-வெள்ளைச் சோதனை ஓரளவு காட்டிவிடும்.

எச்சரிக்கை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? இந்திய விளம்பரத் தர கவுன்சில் இப்படிப்பட்ட அடிக்குறிப்புகளுக்கு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஒரு வரிக்குக் குறைந்தது 4 விநாடி, இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, விளம்பரம் பேசுகிற மொழியிலேயே எழுத்தும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழில் பாட்டும், இங்கிலீஷில் எச்சரிக்கையும் போடுவது அதன்படி சரியில்லை.

'ரெண்டு வரின்னா எட்டு விநாடி போயிடுமே டாக்டர்! முப்பதுல எட்டு!' என்று பதறினார். 'பாட்டி ஓடிப்பிடிச்சு விளையாடுறதை எடுத்துடுங்க' என்றேன். எப்படியும் அது தைலத்தால் ஆகிற காரியமில்லை. வாதம் போன்ற நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் கண்புரையும் காதுகேளாமையும்கூட இருக்கின்றன. அவற்றைக் குணமாக்குவதாகச் சொல்லி ஆள்பிடிப்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. அவை உள்ளவர்களுக்குப் புரிகிற மாதிரி விளம்பரம் எடுங்கள் என்பதைத்தான் நாம் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

காது மந்தமானவருக்கு

வயதானவர்களின் காதுமந்தத்தில் ஒரு விசேஷம். முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமாகக் கேட்கும். ச, த, ப, ஸ போன்றவை நழுவிவிடும். 'பேசுறது கேட்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியலை' என்று அவர்கள் சொல்வது அதனால்தான். சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் சேர்ந்து கூடும், பயனில்லை. காதில் மெஷின் வைத்தவருக்கும் இதே கதை. பேச்சைவிடப் பின்னணி இசை 20 டெசிபல் குறைவாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன அமைப்பே ஓர் அளவு கொடுத்திருக்கிறது. காதுக்கு இசை பேச்சில் கால்பங்கு மாதிரி கேட்கும். ரெக்கார்டிங் தியேட்டரில் பேச்சையும் இசையையும் தனித்தனியாகத்தான் பதிகிறார்கள். 'இசையை இறக்குங்க' என்று சொன்னால் ஒரு நிமிட வேலை.

அடுத்தது, பேச்சைத் திரையிலேயே எழுத்தாகக் காட்டுவது. சினிமாவில் வேற்றுமொழிக்குப் போடுகிறார்களே, அதுபோல. ஆனால் தமிழுக்குத் தமிழிலேயே. பேச்சு மட்டும் போதாது. 'கதவு தட்டும் ஓசை', 'குழந்தை அழுகிறது' என்று கதைக்குத் தேவையான சத்தத்தையும் எழுத வேண்டும். வீணை எந்த ராகம் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு வரி, கறுப்புப் பட்டைமேல் வெள்ளை எழுத்து.

இதில் தமிழுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. நம் மொழியில் 'ஆம்', 'இல்லை' இரண்டும் வாக்கியத்தின் வாலில் இருக்கின்றன. தைலக்காரரின் பையன் முதலில் எழுதிக்கொண்டுவந்தபோது, 'புண் இருக்கிற இடத்தில் தைலத்தைத் தடவ' என்பது ஒரு அட்டையிலும், 'வேண்டாம்' என்பது அடுத்த அட்டையிலும் விழுந்திருந்தது. மெதுவாகப் படிக்கிறவர் முதல் அட்டையோடு நின்றுவிட்டால் அர்த்தமே தலைகீழ்! 'புண்ணில் தடவ வேண்டாம்' என்று சுருக்கி, ஒரே அட்டையில் கொண்டுவந்தோம். இங்கிலீஷில் நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்று கணக்குச் சொல்கிறார்கள். அதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 'தடவிக்கொள்ளாதீர்கள்' என்பது நமக்கு ஒரே வார்த்தை. அவர்களுக்கு மூன்று நான்கு வார்த்தை. வீட்டில் மெதுவாகப் படிக்கிறவர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் முடிக்கும்வரை அட்டை நிற்கட்டும்.

இந்த எழுத்தும் எச்சரிக்கை வரியும் திரையின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடும். பல விளம்பரங்களில் நான் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கைக்கு முழுத்திரையையும் கொடுத்துவிடுவதுதான் உத்தமம்.

பிறவியிலேயே காது கேளாதவர்கள் பலருக்குச் சைகைமொழிதான் தாய்மொழி மாதிரி. எழுத்துத் தமிழ் அவர்களில் சிலருக்குச் சரளமாக வராது. அவர்களுக்குத் திரையின் மூலையில் சைகைமொழியில் சொல்பவர் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஒலிவர்ணனை, சைகைமொழி, திரை எழுத்து இம்மூன்றையும் மின்னணு ஊடகத்துக்குப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அதற்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பை அரசிடம் கொடுத்திருக்கிறது.

கண் தெரியாதவருக்கு

முழுநீளப் படத்தில், வசனத்துக்கு நடுவே உள்ள இடைவெளியில், 'அவள் கதவைத் திறக்கிறாள்' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். 30 விநாடி விளம்பரத்தில் அதற்கு இடைவெளி ஏது? அதனால், வர்ணனையை வசனத்துக்குள்ளேயே ஒளித்துவைக்க வேண்டும். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது புதிதில்லை. 'என்ன பரமசிவம், கையில குடையோட கிளம்பிட்டே?' என்று ஒருவர் கேட்டாலே குடை நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுமே!

தைலக்காரருடைய விளம்பரத்தை அப்படித்தான் மாற்றினோம். வீணை போயிற்று. பாட்டி, 'மாடி ஏற முடியலைம்மா, முழங்கால் பிடிச்சுக்கிச்சு' என்கிறார். மருமகள், 'இந்தாங்க அத்தை' என்று தைலத்தின் பெயரைச் சொல்லி, 'முழங்காலைச் சுத்தி மட்டும் தேய்க்கிறேன், குதிகால் வெடிப்புல வேண்டாம், எரியும்' என்கிறார். எச்சரிக்கையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது! பேரன் ஓடிவந்து பாட்டிலை எடுக்க, 'டேய்... அது குடிக்கிறதில்லை, மேல அலமாரில வை' என்கிறார் பாட்டி. அப்புறம் எட்டு விநாடி, கரும்பச்சைத் திரையில் வெள்ளை எழுத்தாக இரண்டு வரி. அதே இரண்டு வரியை ஒரு குரல் நிதானமாகப் படிக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. கடைசியில் போன் நம்பர், திரையிலும் குரலிலும், இரண்டிரண்டு எண்ணாகப் பிரித்து.

முப்பது விநாடிக்குள் அடங்கவில்லை, முப்பத்தைந்து ஆயிற்று. கேபிள்காரருக்கு அதற்காகக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கவேண்டி வந்தது. அதில் தைலக்காரருக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. இருந்தாலும், பெஞ்சில் அமர்ந்தவர்களுக்கு இரண்டாவது முறை போட்டுக் காட்டியபோது, கண்ணை மூடியிருந்தவர்கள் போன் நம்பரைத் திருப்பிச் சொன்னார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிற விளம்பரப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வையற்றவர்கள் செல்போனில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் வசதியைப் பயன்படுத்துகிறார்கள். தட்டச்சு செய்த எழுத்தை அது படித்துவிடும். படத்துக்குள் வரைந்த எழுத்து என்றால் பல சமயம் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். 'இலவச மருத்துவ முகாம்' என்று அழகழகாக நோட்டீஸ் வரைந்து அனுப்புகிறோமே, அதில் தேதியும் இடமும் அவர்களுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. படத்தை அனுப்பும்போது கீழே எழுத ஓர் இடம் இருக்கிறது. 'தைல விளம்பரம்' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், படத்தில் உள்ள விஷயத்தை அங்கேயே தட்டச்சு செய்துவிட வேண்டும். பெயர், எதற்கு, எப்படித் தேய்ப்பது, யார் தேய்க்கக்கூடாது, விலை, போன் நம்பர். பாட்டில் சாய்ந்திருக்கிறதா, பக்கத்தில் துளசி இருக்கிறதா என்பதெல்லாம் அவசியமில்லை. தைலக்காரரின் பையன் இப்போது அப்படித்தான் அனுப்புகிறான். ஏழெட்டு வரிதான் வருகிறது.